26 பேர், 4 நாள், ஒரே கூடம்: பொங்கல் விடுமுறை ஆட்டங்களில் நாம் செய்யும் தவறுகள்

எங்கள் அம்மா வீட்டில் பொங்கலுக்கு 26 பேர் கூடுவோம். போகிக்கு முதல் நாள் ராத்திரி வந்து இறங்கினால் காணும் பொங்கல் சாயங்காலம்தான் மூட்டை கட்டுவது. முதல் நாள் பேச்சிலேயே ஓடிவிடும். இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் சிக்கல். பிள்ளைகள் ஆளுக்கொரு செல்போனோடு மாடிப்படியில் ஒதுங்குவார்கள், ஆண்கள் திண்ணையில் தூங்குவார்கள், சித்திகள் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார்கள். "ஏதாவது விளையாடலாமே" என்று யாராவது ஆரம்பிப்பார்கள், முக்கால் மணி நேரத்தில் அது சண்டையிலோ கொட்டாவியிலோ முடியும். ஏழெட்டு வருஷமாக இந்த ஆட்டங்களை நடத்துகிற வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. நான் சொதப்பியவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மியூசிக்கல் சேர். இதை விடப் பொருத்தமில்லாத ஆட்டம் பெரிய குடும்பத்துக்குக் கிடையாது என்பது என் கட்சி. 24 பேர் ஆடினால் 23 சுற்று. ஒரு சுற்றுக்கு ஒரு நிமிஷம் என்று வைத்தாலும், முதல் சுற்றில் வெளியே போனவர் இன்னும் 22 நிமிஷம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி முதலில் போவது யார்? நாலு வயசுக் குட்டியும் முழங்கால் வலிக்கார அத்தையும்தான். யாரை ஆட்டத்துக்குள் இழுக்க வேண்டும் என்று நினைத்தோமோ அவர்களையே முதலில் விரட்டுகிற ஆட்டம் அது. கடைசியில் கல்லூரி படிக்கும் இரண்டு பையன்கள் ஒரு நாற்காலியைச் சுற்றி ஓடுவார்கள், மற்ற 22 பேரும் வேடிக்கை பார்ப்பார்கள். வேடிக்கை பார்ப்பதுகூட முதல் பத்து நிமிஷம்தான்.

அதனால் எந்த ஆட்டத்தை எடுத்தாலும் நான் முதலில் போடுவது உட்கார்ந்திருப்பவர் கணக்கு. ஆட்டம் பாதியில் இருக்கும்போது எத்தனை பேர் கையில் வேலையில்லாமல் இருப்பார்கள்? பாதிக்கு மேல் என்றால் அந்த ஆட்டம் வேண்டாம், அல்லது விதியை மாற்ற வேண்டும். மியூசிக்கல் சேரையே கேட்டு அடம்பிடித்தால் ஆறு ஆறு பேராகப் பிரித்து, ஐந்து சுற்றில் முடித்து, வெளியே போனவர்தான் அடுத்த சுற்றுக்குப் பாட்டு நிறுத்துபவர் என்று வைத்துவிடுவேன். பாட்டை நிறுத்துகிற அதிகாரம் கையில் வந்ததும் எங்கள் அத்தைக்கு வெளியே போன வருத்தமே இல்லை. தன் தம்பி நாற்காலிக்கு நேராக வரும்போதெல்லாம் பாட்டை ஓடவிட்டு, தள்ளிப் போனதும் பார்த்து நிறுத்தினார்.

இந்தக் கணக்கில் நன்றாகத் தேறுவது தம்போலா. 26 பேரும் கடைசி வரை ஆட்டத்தில் இருக்கலாம். ஆனால் இதையும் கெடுக்க முடியும், நான் கெடுத்திருக்கிறேன். கடையில் விற்கும் சீட்டில் 3 வரிசை, வரிசைக்கு 5 என்று 15 எண்கள் இருக்கும். கூப்பிடுவது 1 முதல் 90 வரை. இருபத்தைந்து சீட்டு போல இருந்தால், ஒரு சீட்டின் எல்லா எண்ணும் அடிபட்டு முதல் ஃபுல் ஹவுஸ் விழுவதற்குள் பெரும்பாலும் 70 எண்களுக்கு மேல் கூப்பிட வேண்டியிருக்கும். "என்ன நம்பர்? கேக்கலை, திரும்பச் சொல்லு" என்று ஒவ்வொரு எண்ணுக்கும் இருபது, முப்பது நொடி போகும் வீட்டில் அது அரை மணி நேரத்தைத் தாண்டும். ஏழு வயசுப் பிள்ளைக்கு அவ்வளவு பொறுமை இருக்காது. சீட்டை வாயில் வைத்துக் கடிக்க ஆரம்பித்துவிடும்.

இப்போது சீட்டை வீட்டிலேயே எழுதுகிறோம். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் 3க்கு 3 கட்டம், 1 முதல் 40 வரைக்குள் பிடித்த 9 எண்களை அவரவரே எழுதிக்கொள்ள வேண்டியது. எண்களைப் பெரிதாக எழுதுவதால் கண்ணாடி தேடுகிற வேலையும் இல்லை. இதில் பெரும்பாலும் 30 எண்ணை ஒட்டி முதல் ஃபுல் ஹவுஸ் வந்துவிடும். பதினைந்து நிமிஷத்தில் ஒரு ஆட்டம் முடிந்தால் இன்னொன்று ஆடலாம், முதலில் தோற்றவருக்கு மறு வாய்ப்பும் கிடைக்கும். பரிசு முழுவதையும் ஃபுல் ஹவுஸில் கொட்டுவது இன்னொரு தவறு. முதல் மூன்று எண், நான்கு மூலை, மேல் வரிசை, நடு வரிசை, கீழ் வரிசை என்று பத்து ரூபாய் பத்து ரூபாயாகப் பிரித்துவிட்டால் நாலைந்து எண்ணுக்கு ஒருமுறையாவது யாராவது கத்துவார்கள். கூப்பிட்ட எண்ணை யாராவது ஒருவர் கட்டாயம் எழுதி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் தப்பாகக் கத்தியவரின் சீட்டைச் சரிபார்க்க வழியே இல்லை. (தம்போலாவில் தப்பாகக் கத்துவதற்குப் பெயரும் போகிதான். போகியன்று ஆடினால் இந்தச் சிலேடையை ஒரு மாமா கட்டாயம் சொல்வார், சிரித்து வையுங்கள்.)

அடுத்தது நேரம். ரொம்ப நாள் எனக்கு இது உறைக்கவே இல்லை. காலை 11 மணிக்கு எல்லாரும் இருக்கிறார்கள் என்று ஆட்டம் ஆரம்பிப்பேன். எல்லாரும் என்பது ஆண்களும் பிள்ளைகளும். அந்த நேரத்தில் ஏழு பெண்கள் அடுப்படியில் இருப்பார்கள். ஒரு வருஷம் பெரிய சித்தி கரண்டியும் கையுமாக வாசற்படியில் நின்று, "நாங்க வர்றதுக்குள்ள முடிச்சிடுவீங்க, சரி சரி ஆடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் குரலில் கோபம் இல்லை, பழகிப்போயிருந்தது. அப்புறம்தான் அட்டவணையைத் திருப்பினேன். பெரிய ஆட்டம் சாயங்காலம் காபிக்குப் பிறகு, நாலரைக்கு. அன்று ராத்திரிக்கு அடுப்பு மூட்டுவதில்லை, மதியம் மிஞ்சிய சாதமும் தயிரும் கடையில் வாங்கிய பரோட்டாவும்தான். பகலில் ஆடினால் வேலை கூடத்துக்கு வரும். பூண்டு உரிப்பது, கீரை ஆய்வது, அவரைக்காய்க்கு நார் எடுப்பது எல்லாம் ஆட்டத்துக்கு நடுவிலேயே நடக்கும். ஆண்களுக்கும் ஆளுக்கொரு முறம். தம்போலா எண் கூப்பிடுபவர் சித்தி. கையில் சின்ன வெங்காயம் இருந்தால் என்ன, குரல் சும்மாதானே இருக்கிறது.

இனி தாயம். இது வயசானவர்கள் தாங்களாக வந்து உட்காரும் ஆட்டம், அதனாலேயே சண்டை அதிகம் வருவதும் இதில்தான். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தாய விதி உண்டு. எங்கள் வீட்டில் முதல் காய் இறங்கத்தான் தாயம், அதாவது ஒன்று, விழ வேண்டும். என் புகுந்த வீட்டில் ஒவ்வொரு காய்க்கும் தாயம் போட வேண்டும். சில வீடுகளில் ஒரு காயையாவது வெட்டினால்தான் உள்கட்டத்துக்குள் போகலாம், சில வீடுகளில் அந்தப் பேச்சே இல்லை. இதைப் பேசாமல் ஆட்டத்தைத் தொடங்கினால், மூன்று காய் பழம் ஆன பிறகு "எங்க ஊர்ல இப்படி இல்லையே" என்று ஒரு குரல் வரும். மருமகன்கள் வந்திருக்கும் வீட்டில் அந்தக் குரலுக்குப் பதில் சொல்வது லேசான காரியமில்லை. கட்டம் போட எடுத்த சாக்பீஸாலேயே பக்கத்தில் நாலு விதியை எழுதிவிடுங்கள்: எந்த எண்ணுக்கு இறங்கலாம், எதற்கெல்லாம் மறு ஆட்டம், வெட்டு கட்டாயமா, வெட்ட முடியாத மலைக் கட்டத்தில் இரண்டு பேர் காய் சேர்ந்து இருக்கலாமா. எழுதியதை அந்த வீட்டின் மூத்தவர் ஒருமுறை உரக்கப் படிக்கட்டும்.

தாயத்தில் இன்னொரு கஷ்டம் தாயம் விழாதது. கட்டை இரண்டு, ஒவ்வொன்றிலும் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிப் பக்கங்கள், ஒரு வெற்றுப் பக்கம். இரண்டையும் உருட்டினால் 16 விதமாக விழலாம். அதில் ஒன்றும் வெறுமையுமாக விழுவது இரண்டே விதம். அதாவது எட்டில் ஒன்று. எட்டு முறை உருட்டியும் தாயம் விழாதவர் சுமாராக மூன்றில் ஒருவர் இருப்பார். பெரியவர்கள் பொறுத்துக்கொள்வார்கள், பிள்ளை எழுந்து போய்விடும். ஆகவே பிள்ளைகள் இருக்கும் ஆட்டத்தில் 5 விழுந்தாலும் இறங்கலாம் என்று வைத்துக்கொள்கிறோம். ஐந்தும் இரண்டு விதமாக விழும் என்பதால் வாய்ப்பு நாலில் ஒன்றாகிவிடும். அதோடு தனித்தனியாக நாலு பேர் ஆடாமல், நாலு பக்கத்துக்கும் அணிக்கு ஐந்தாறு பேராக உட்கார வைக்கிறோம். உருட்டுவது பிள்ளை, எந்தக் காயை நகர்த்துவது என்று சொல்வது பெரியவர். எங்கள் தாத்தா ஒரு பேரனிடம் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் பேசி நான் பார்த்தது அப்படி ஒரு ஆட்டத்தில்தான்.

அணி பிரிப்பதிலும் கவனம் வேண்டும். "நம்ம வீடு, உங்க வீடு" என்று குடும்பவாரியாகப் பிரித்தால் பத்து வருஷத்துக்கு முந்தைய வரப்புத் தகராறும் கூடவே வந்து உட்காரும். பிறந்த மாதம் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று கேட்டுப் பிரித்தால் கணவனும் மனைவியும் எதிரெதிரே போகவும் கூடும், அதுவே ஒரு வேடிக்கை.

பாட்டுக்குப் பாட்டு பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்தி அந்தாக்ஷரி போலக் கடைசி எழுத்தைப் பிடித்துப் பாடும் விதியைத் தமிழில் அப்படியே வைத்தால் ஆட்டம் ஐந்தாவது பாட்டில் நின்றுவிடும். நம் பாட்டுகள் ன், ள், ழ், ண், ற என்று முடியும், அந்த எழுத்துகளில் தமிழ்ச் சொல் தொடங்குவதே இல்லை. ன வந்தால் ந, ள வந்தால் ல என்று சமாளிப்பார்கள். ல-வுக்கு எத்தனை பாட்டு உங்களுக்குத் தெரியும்? கடைசிச் சொல்லின் முதல் எழுத்தில் அடுத்த பாட்டு என்று மாற்றிக்கொண்டால் தடையே இருக்காது. ஒரு பாட்டுக்கு இரண்டு வரிதான் என்றும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எல்லாக் குடும்பத்திலும் சரணம் வரை போகிற ஒரு பெரியப்பா இருப்பார். எங்கள் வீட்டில் அவரை நிறுத்த பாட்டியால்தான் முடியும், அதனால் பாட்டியிடம் ஒரு டம்ளரும் ஸ்பூனும் கொடுத்து உட்கார வைத்திருக்கிறோம். இரண்டு வரி முடிந்ததும் டங்கென்று ஒரு தட்டு. போன பொங்கலில் தன் பாட்டை மட்டும் பாட்டி மூன்று வரி பாடினார், யாரும் தட்டவில்லை.