ஃபிளாஷ்கார்டை மறுபடி எப்போது எடுப்பது? ஜப்பானியச் சொற்களுக்கு நாள் குறிக்கும் முறை

ஜப்பானிய மொழியின் தொடக்கநிலைத் தேர்வான என்5-க்குச் சுமார் 800 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும். ஒரே ராத்திரியில் ஐம்பது சொற்களை இருபது தடவை வாசித்தால் அப்போதைக்கு எல்லாம் மனப்பாடம் ஆனது போலத்தான் இருக்கும். மறுநாள் கேட்டால் பாதிகூட வராது. அந்த இருபது தடவையை ஐந்தாகக் குறைத்து, இரண்டு மாதத்துக்குள் பிரித்துப் போட்டால் சொல் நிற்கும். எந்தெந்த நாளில் போடுவது என்பதுதான் இந்தப் பதிவு.

இடைவெளி ஏன் வேலை செய்கிறது

ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் அர்த்தமில்லாத அசைகளைப் பட்டியல் பட்டியலாகத் தானே மனப்பாடம் செய்து, மறந்தபின் திரும்பப் படிக்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று அளந்தார். 1885-இல் அதை நூலாக வெளியிட்டார். ஒரு நாள் கழித்து மிச்சமானது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஒரு மாதம் கழித்தும் ஐந்தில் ஒரு பங்கு மிச்சமானது. அதாவது, பெரிய இழப்பு முதல் நாளிலேயே நடந்துவிடுகிறது, அதன்பின் மெதுவாகத்தான் கரைகிறது. அர்த்தமுள்ள சொற்கள் இவ்வளவு வேகமாகப் போகாது, ஆனால் கரையும் விதம் இதேதான்.

முதல் திருப்புதல் மறுநாளே வேண்டும் என்பதற்குக் காரணம் இது. மறக்கப் பார்க்கிற நேரத்தில் சொல்லை நாமே யோசித்து வரவழைத்தால், அடுத்த தடவை அது இன்னும் மெதுவாகக் கரையும். அதனால் அடுத்த இடைவெளியை நீட்டலாம். விடையைப் பார்த்துக்கொண்டே வாசித்தால் இந்தப் பலன் கிடைக்காது. அட்டையைத் திருப்பும் முன் வாய்விட்டுச் சொல்லியே ஆக வேண்டும்.

அட்டையும் பெட்டியும்

சார்ட் பேப்பரை விசிட்டிங் கார்டு அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஜப்பானியம். ஓர் அட்டைக்கு ஒரே சொல்தான். செருப்பு வாங்கிய டப்பா ஒன்றில் 1 முதல் 31 வரை எண் எழுதிய தடுப்பு அட்டைகளையும், பின்னால் மாதப் பெயர் எழுதிய சில தடுப்புகளையும் நிறுத்துங்கள். எந்தத் தேதியில் பார்க்க வேண்டுமோ அந்தத் தடுப்புக்குப் பின்னால் அட்டை போகும். ஒரு மாதத்துக்கு மேல் தள்ளிப் போவதை மாதத் தடுப்பில் வைத்து, மாதம் பிறந்ததும் தேதிவாரியாகப் பிரித்துக்கொள்ளலாம். எந்த இடைவெளியில் இருக்கிறது என்பதை அட்டையின் மூலையில் பென்சிலால் எழுதிவிடுங்கள்.

நாள் குறிப்பது

தொடங்க இந்த வரிசை போதும்: 1, 3, 7, 16, 35 நாள். ஒவ்வொன்றும் முந்தையதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். இதில் மந்திர எண் எதுவும் இல்லை, இடைவெளி வளர்ந்துகொண்டே போவதுதான் முக்கியம்.

ஜூலை 1-ஆம் தேதி 'சகனா', அதாவது மீன், என்ற சொல்லைப் படிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்து நிமிடம் கழித்து ஒரு தடவை சோதித்துவிட்டு, 2-ஆம் தேதித் தடுப்பில் வையுங்கள். அன்று சரியாகச் சொன்னால் அடுத்தது ஜூலை 5. பிறகு ஜூலை 12, ஜூலை 28, செப்டம்பர் 1. 62 நாளில் ஐந்தே திருப்புதல். அதற்குப் பிறகு 80 நாள் தள்ளி ஒரு தடவை பார்த்தால் போதும்.

ஜூலை 28-இல் தவறிவிட்டால்? அட்டை மறுநாளுக்குப் போகும். மறுநாள் சரியாக வந்தால் 3 நாள் படியைத் தாண்டி நேரே 7-க்கு அனுப்பலாம் என்பது என் கருத்து. மறந்த சொல்லை மீண்டும் பிடிக்கப் புதுச் சொல்லுக்கு ஆகிற அளவு நேரம் ஆவதில்லை. எபிங்ஹாஸ் அளந்ததே அந்த மிச்சத்தைத்தான்.

'ச' வந்தது, 'கனா' வரவில்லை என்றால் அது தவறு. அரை மார்க் கிடையாது.

ஒரு நாளைக்கு எத்தனை புதுச் சொல்?

பெரும்பாலும் ஆட்டம் கலைவது இங்கேதான். தினம் 10 புது அட்டை போட்டால், 62 நாளுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஐந்து தொகுதிகள் ஒன்றாக வந்து நிற்கும். நேற்றுப் படித்த பத்து, 4 நாள் முன் படித்த பத்து, 11, 27, 62 நாள் முன் படித்த பத்துகள், ஆக 50 அட்டை. தவறியவை தனி. ஓர் அட்டைக்குப் பத்து நொடி என்றால் பத்து நிமிடத்துக்குள் முடியும். தினம் 30 புதுச் சொல் என்றால் அது 150. முதல் வாரத்தில் சுலபமாகத் தெரிவது இரண்டாவது மாதத்தில் கழுத்தைப் பிடிக்கும். சில நாள் விட்டுப்போய் அட்டைகள் குவிந்துவிட்டால், புது அட்டைகளை நிறுத்திவிட்டுக் குவிந்ததை மட்டும் முடியுங்கள். சின்ன இடைவெளி அட்டைகளை முதலில் எடுங்கள், அவைதான் சீக்கிரம் கரைபவை.

இடைவெளி சரிதானா என்று பார்ப்பது

ஒவ்வொரு படியிலும் இருபது அட்டைக்கு எத்தனை சரி என்று கோடு போட்டு எண்ணுங்கள். 17, 18 வந்தால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். இருபதும் சரி என்றால் அந்த இடைவெளியை நீட்டலாம், வீணாகத் திருப்புகிறீர்கள். 15-க்குக் கீழே போனால் குறையுங்கள், உதாரணமாக 16-ஐ 12 ஆக்கலாம்.

ஆனால் 1 நாள் படியிலேயே நிறையத் தவறினால் குறை இடைவெளியில் இல்லை. முதல் நாள் சொல் சரியாகப் பதியவில்லை, அல்லது புது அட்டைகள் அதிகம்.

வேறு ஒரு நோயும் உண்டு. எல்லாம் நன்றாகப் போகும்போது ஒன்றிரண்டு அட்டை மட்டும் திரும்பத் திரும்ப முதல் படிக்கே வரும். 'கசு' கடன் கொடுப்பது, 'கரிரு' கடன் வாங்குவது. இரண்டும் ஒன்றையொன்று குழப்பும், எத்தனை நாள் மாற்றினாலும் தீராது. இங்கே மாற்ற வேண்டியது அட்டை. கசுவுக்கு 'தொமொதாச்சி நி ஹோன் ஓ கசு', அதாவது 'நண்பனுக்குப் புத்தகம் கடன் கொடுக்கிறேன்' என்று முழு வாக்கியம் எழுதுங்கள். இதில் 'நி' நம் '-க்கு' வேலையைச் செய்கிறது. கரிருவுக்கு 'நி' இடத்தில் 'கரா' போடுங்கள், அது 'நண்பனிடமிருந்து' என்றாகும். இரண்டையும் ஒரே நாளில் புதிதாகத் தொடங்காதீர்கள்.

தேர்வுத் தேதி இருந்தால்

2008-இல் செபெடாவும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்று, எத்தனை நாள் கழித்துச் சோதனை என்பதைப் பொறுத்துச் சிறந்த இடைவெளியும் மாறுகிறது என்று காட்டியது. சோதித்துப் பார்த்த இடைவெளிகளில், 7 நாளில் சோதனை என்றால் 1 நாளும், 35 நாளில் என்றால் 11 நாளும், 350 நாளில் என்றால் 21 நாளும் நல்ல பலன் தந்தன. என்5 டிசம்பர் முதல் ஞாயிறன்று வருகிறது. நவம்பரில் தொடங்கிய சொல்லுக்கு 35 நாள் படியே வராது. அவற்றை 1, 3, 7-இல் ஓட்டி, தேர்வு வாரத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

அங்கி செயலியில்

பெட்டி வேண்டாம் என்பவர்களுக்கு அங்கி இந்தத் தேதிக் கணக்கைத் தானே போட்டுவிடும். `Deck Options` உள்ளே `New cards/day` 20 என்று இருக்கும், 10 ஆக்குங்கள். இடைவெளியைக் கணக்கிடும் `FSRS` பொத்தானை இயக்கி, எவ்வளவு பங்கு நினைவில் நிற்க வேண்டும் என்று சொல்லும் `Desired retention` 0.90 என்றிருப்பதை அப்படியே விடுங்கள். 0.97 என்று ஏற்றினால் இடைவெளிகள் சுருங்கித் தினசரி அட்டைகள் பல மடங்காகும். மறந்த அட்டைக்கு `Again` மட்டுமே அழுத்துங்கள். `Hard` என்றால் 'கஷ்டப்பட்டேன், ஆனால் சரியாகச் சொன்னேன்' என்றுதான் அங்கி எடுத்துக்கொள்ளும். தவறியதற்கு அதை அழுத்தினால், மறந்த சொல்லும் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கும்.