மண்டபத்தில் பேசுவது ஜூமில் கேட்க வேண்டுமானால்

சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்தில் இப்போது குடியிருப்பவர்களைவிட வெளியூர் போனவர்களே அதிகம். அதனால் கோயில் ஆண்டுக் கூட்டத்தை மண்டபத்திலும் ஜூமிலும் சேர்த்தே நடத்துகிறோம். முதல் முறை, தலைவர் மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்ததோடு சரி. கடைசி வரிசையில் இருந்த அக்கா திருப்பணிக் கணக்கைப் பற்றிக் கேட்டார், தலைவர் பதில் சொன்னார். ஜொகூரில் இருந்தவர்களுக்குப் பதில் மட்டும் வந்து சேர்ந்தது. என்ன கேள்வி என்றே அவர்களுக்குத் தெரியவில்லை.

பலரும் செய்யும் தவறு இதுதான்: மடிக்கணினி மைக் மண்டபம் முழுவதற்கும் போதும் என்று நம்புவது. தூரம் இரண்டு மடங்கானால் நேராக வரும் குரல் 6 டெசிபல் குறையும். தலைவர் அரை மீட்டரில், அக்கா 8 மீட்டரில் என்றால் வித்தியாசம் 24 டெசிபல். அந்த மெல்லிய குரலின் மேல் காற்றாடிச் சத்தமும் சுவரின் எதிரொலியும் ஏறிக்கொள்ளும். ஜூமின் இரைச்சல் குறைப்பு சில நேரம் அந்தக் குரலையும் சேர்த்தே அமுக்கிவிடும். அக்காவைக் கத்திப் பேசச் சொல்வதால் பெரிய பயன் இல்லை, மைக் அவர் வாய்க்கு அருகில் போக வேண்டும்.

புது மைக் வாங்கக் காசில்லையா? ஒரு கைத்தொலைபேசியை அதே கூட்டத்தில் சேர்த்து, பேசுபவர் கைக்குக் கைமாற்றுங்கள். ஆனால் இங்கே அடுத்த தவறு காத்திருக்கிறது. ஒரே அறையில் இரண்டு கருவிகளின் மைக்கும் ஒலியும் திறந்திருந்தால் ஊளைச் சத்தம் கிளம்பும். கைத்தொலைபேசியின் ஒலியையும் மடிக்கணினியின் மைக்கையும் மூடியே வையுங்கள். மண்டபத்தில் ஒருவர் கைத்தொலைபேசியில் பேசும்போது மடிக்கணினியின் ஒலியையும் மூடுங்கள், இல்லையென்றால் அவர் குரலே அதில் வந்து மறுபடி மைக்கில் ஏறும். வெளியூர்க்காரர் பேசும்போது மடிக்கணினியின் ஒலியைத் திறந்து, கைத்தொலைபேசியின் மைக்கை மூடுங்கள். மடிக்கணினியிலிருந்து வரும் குரல் தன்னுடையது இல்லை என்பதால் கைத்தொலைபேசியால் அதை நீக்க முடியாது. மைக்கை மூடாவிட்டால் பேசுபவருக்கே அவர் குரல் திரும்பிப் போகும்.

கூட்டத்துக்குக் கால் மணி நேரம் முன்பு, மண்டபத்துக்கு வெளியே இருக்கும் ஒருவர் ஜூமில் கேட்டுச் சொல்லட்டும். கடைசி வரிசையிலிருந்து ஒருவர் பேசிக் காட்டினால்தான் அது சோதனை. தகரக் கூரையில் மழை கொட்டினால் எந்த ஏற்பாடும் எடுபடாது. விடும்வரை நிறுத்துங்கள்.

அப்புறம், "யாராவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டுவிட்டு அடுத்த விஷயத்துக்குத் தாவாதீர்கள். இணையத்தில் குரல் சற்றுத் தாமதமாகத்தான் வரும். அங்கிருப்பவர் மைக்கைத் திறப்பதற்குள் மண்டபத்தில் வேறொருவர் தொடங்கியிருப்பார். நாங்கள் இப்போது ஒவ்வொரு தீர்மானத்திலும் ஜூமில் இருப்பவர்களை முதலில், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம். சாட்டைக் கவனிக்கத் தலைவரின் பக்கத்தில் ஒரு தம்பி உட்கார்ந்திருப்பான். இந்த முறை அவன்தான் கையைத் தூக்கினான்: "அண்ணே, ஜொகூர் மாமா ரொம்ப நேரமா கை தூக்கியிருக்காரு."