ஈசிஜியில் துடிப்பு விடுபட்டால் எதை அளக்க வேண்டும்? ஹார்ட் பிளாக் படிக்கும் முறை

இங்கே ஹார்ட் பிளாக் என்பது ரத்தக்குழாய் அடைப்பு அல்ல. இதயத்தின் மேலறையில் கிளம்பும் மின் தூண்டுதல் கீழறைக்குப் போகிற வழியில் தாமதமாவதும், சில சமயம் போய்ச் சேராமலே நின்றுவிடுவதும்தான். நர்சிங் மாணவர்களும் ஈசிஜி டெக்னீஷியன் பயிற்சியில் இருப்பவர்களும் இதில் அதிகம் குழம்புவது ஓர் இடத்தில்தான்: ஸ்ட்ரிப்பில் ஒரு துடிப்பு காணவில்லை, இது வெங்கபாக் வகையா, மோபிட்ஸ் 2 வகையா? முன்னது பெரும்பாலும் ஏவி நோடுக்குள் நடப்பது, பொறுத்துப் பார்க்கலாம். பின்னது அதற்குக் கீழே, ஹிஸ் கற்றையிலோ அதன் கிளைகளிலோ நடப்பது. அது முன்னறிவிப்பில்லாமல் முழு அடைப்பாக மாறலாம். அதனால் இந்த ஒரு கேள்விக்கு மட்டும் இங்கே நிதானமாக விடை தேடுவோம்.

முதலில் கட்டங்கள்

ஈசிஜி தாள் வழக்கமாக விநாடிக்கு 25 மி.மீ. வேகத்தில் ஓடும். வேகம் தாளின் ஓரத்தில் அச்சாகியிருக்கும், ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வேகத்தில் ஒரு சின்னக் கட்டம் 40 மில்லி விநாடி. ஐந்து சின்னக் கட்டம் சேர்ந்த பெரிய கட்டம் 200 மில்லி விநாடி. பி அலை தொடங்கும் இடத்திலிருந்து கியூஆர்எஸ் தொடங்கும் இடம் வரைக்கும் உள்ளதுதான் பிஆர் இடைவெளி. பெரியவர்களுக்கு அது 3 முதல் 5 சின்னக் கட்டம் வரை இருக்கலாம். ஐந்தைத் தாண்டி நீண்டு, ஆனால் ஒவ்வொரு பி அலைக்குப் பின்னும் கியூஆர்எஸ் தவறாமல் வந்தால் அது முதல் நிலை பிளாக். அதில் ஒரு துடிப்பும் விடுபடுவதில்லை.

பி அலைகளை நடக்க விடுங்கள்

துடிப்பு விடுபட்ட ஸ்ட்ரிப் கையில் வந்தால் கண் நேரே அந்த வெற்றிடத்துக்குத்தான் போகும். அங்கே போகாதீர்கள். ஒரு வெள்ளைத் தாளின் விளிம்பை ஸ்ட்ரிப்பில் வைத்து, தெளிவாகத் தெரியும் மூன்று பி அலைகளுக்கு நேராகப் பென்சிலால் கோடு போடுங்கள். இப்போது தாளை ஒவ்வொரு பி அலையாக வலப்பக்கம் நகர்த்துங்கள். காலிப்பர் இருந்தால் இன்னும் நல்லது. கோடு விழும் இடத்திலெல்லாம் பி அலை சரியாக வந்து நின்றால், மேலறை தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது என்று அர்த்தம். கியூஆர்எஸ் இல்லாத இடத்திலும் பி அலை தன் நேரத்துக்கு வந்திருக்க வேண்டும். அப்போதுதான் அதைப் பிளாக் என்று சொல்லலாம்.

இந்தப் படியைத் தாண்டிக் குதித்தால்தான் தவறு நடக்கிறது. இடைவெளிக்கு மிகச் சாதாரணமான காரணம் பிளாக் அல்ல, மேலறையிலிருந்து சீக்கிரமே கிளம்பிவிட்ட ஒரு துடிப்பு. அது வரும்போது ஏவி நோட் இன்னும் தயாராகாததால் கீழே இறங்காது. அந்த பி அலை பெரும்பாலும் முந்தைய டி அலைக்குள் ஒளிந்திருக்கும். எனவே இடைவெளிக்கு முன்னால் உள்ள டி அலையை மற்ற டி அலைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது மட்டும் கொஞ்சம் கூராகவோ, நடுவில் சின்ன மேடு தட்டியோ இருந்தால் ஒளிந்திருப்பது அதுதான். அங்கே பென்சில் கோடும் பி அலையும் ஒத்துப்போகாது.

விடுபட்டதற்கு முன்னும் பின்னும்

பி அலைகள் சீராக இருக்கின்றன என்று உறுதியானதும் இரண்டே அளவு எடுங்கள். துடிப்பு விடுபடுவதற்குச் சற்று முன்னால் உள்ள கடைசி பிஆர் ஒன்று, விடுபட்ட பிறகு வரும் முதல் பிஆர் இன்னொன்று. பின்னது குறைந்திருந்தால் வெங்கபாக். இரண்டும் சமமாக இருந்து, மற்ற பிஆர்களும் மாறாமல் இருந்தால் மோபிட்ஸ் 2.

பல பாடக்குறிப்புகள் 'பிஆர் படிப்படியாக நீள்கிறதா பார்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடும். அது போதாது. வெங்கபாக்கில் பெரிய தாவல் பொதுவாக முதல் துடிப்புக்கும் இரண்டாவதுக்கும் நடுவில்தான் இருக்கும். அப்புறம் நீட்சி குறைந்துகொண்டே போகும். ஏழெட்டுத் துடிப்புக்கு ஒருமுறை விடுபடும் நீண்ட சுற்றில், நடுவில் உள்ள பிஆர்கள் கண்ணுக்கு ஒரே அளவாகவே தெரியும். பக்கத்துப் பக்கத்துத் துடிப்புகளை மட்டும் அளப்பவர் அதை மோபிட்ஸ் 2 என்று எழுதிவிடுவார். முன்னும் பின்னும் அளப்பவர் ஏமாற மாட்டார்.

ஒரு ஸ்ட்ரிப்பைக் கட்டம் கட்டமாகப் பார்ப்போம்

பி அலைகள் 20 சின்னக் கட்டத்துக்கு ஒருமுறை வருகின்றன, அதாவது நிமிடத்துக்கு 75. முதல் பிஆர் 5 கட்டம், இரண்டாவது 7, மூன்றாவது 8. நான்காவது பி அலைக்குப் பின் கியூஆர்எஸ் இல்லை. ஐந்தாவது பி அலைக்குப் பின் மறுபடி 5. கடைசியாக இருந்தது 8, திரும்பி வந்தது 5. எனவே வெங்கபாக், நான்குக்கு மூன்று.

இப்போது கியூஆர்எஸ்களின் இடைவெளியைப் பாருங்கள்: 22, அடுத்து 21, பிறகு அந்த நீண்ட இடைவெளி 37. பிஆர் நீண்டுகொண்டே போகும்போது ஆர்ஆர் ஏன் குறைகிறது? ஏனென்றால் பிஆர் முதலில் 2 கட்டம் கூடியது, அடுத்து 1 கட்டம்தான் கூடியது. கூடும் அளவு குறைவதால் துடிப்புகள் நெருங்குகின்றன. நீண்ட இடைவெளியும் 20-இன் இருமடங்கான 40-ஐ எட்டாமல் 37-இல் நிற்கிறது. 8-இலிருந்து 5-க்கு இறங்கிய அந்த 3 கட்டம்தான் அங்கே குறைந்திருக்கிறது.

அதே 20 கட்ட வேகத்தில் மோபிட்ஸ் 2 எப்படி இருக்கும்? பிஆர் 4, 4, 4, விடுபட்டது, மறுபடி 4. ஆர்ஆர் 20, 20, பிறகு சரியாக 40. கியூஆர்எஸ் பல நேரங்களில் 3 கட்டமோ அதற்கு மேலோ அகன்றிருக்கும், ஏனென்றால் கோளாறு கிளைகள் வரை போயிருக்கிறது. பிஆர் 4 கட்டம் என்பது சாதாரண அளவுதான் என்பதைக் கவனியுங்கள். ஆபத்து அதிகமான வகையில் பிஆர் நீளாமலே இருக்கலாம்.

இந்த வேறுபாடு மருந்து வரைக்கும் போகிறது. ஏவி நோடில் உள்ள தடைக்கு அட்ரோபின் பெரும்பாலும் கேட்கும். அதற்குக் கீழே உள்ள தடைக்கு அது உதவாமல் போகலாம். மேலறை வேகம் கூடி, விடுபடும் துடிப்புகள் அதிகமாகவும் செய்யலாம். மோபிட்ஸ் 2 என்று சந்தேகம் வந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் பேஸ்மேக்கர் பக்கம் யோசிப்பார். வெங்கபாக்காக இருந்தாலும் மயக்கம், நெஞ்சுவலி, ரத்த அழுத்தக் குறைவு இருந்தால் அதுவும் அவசரம்தான். மருந்துச் சீட்டில் பீட்டா பிளாக்கர், வெரபமில், டில்டியாசெம், டிஜாக்சின் இருக்கிறதா என்றும் பாருங்கள். இவை எல்லாமே ஏவி நோடை மெதுவாக்கும்.

இந்த அளவு வேலை செய்யாத இடம்

ஒன்றுவிட்டு ஒன்று விடுபடும் 2:1 பிளாக்கில் இந்த முறை பலிக்காது. விடுபட்ட ஒவ்வொன்றுக்கும் முன்னால் கடத்தப்பட்ட துடிப்பு ஒன்றுதான் இருக்கிறது. நீளுமா என்று பார்க்க இரண்டாவது பிஆரே கிடையாது. அங்கே முன்னும் பின்னும் சமமாக இருப்பதை வைத்து மோபிட்ஸ் 2 என்று எழுதக் கூடாது. '2:1 ஏவி பிளாக்' என்று மட்டும் எழுதி, கியூஆர்எஸ் குறுகலா அகலமா என்று பக்கத்தில் குறியுங்கள். அகலமாக இருந்தால் தடை கீழே இருக்க வாய்ப்பு அதிகம். லீட் 2-இல் நீளமான ஸ்ட்ரிப் ஒன்று ஓடவிடுங்கள். நடுவில் எங்காவது அடுத்தடுத்து இரண்டு துடிப்பு இறங்கியிருந்தால், அந்த இரண்டின் பிஆரை அளந்து வகையைக் கண்டுபிடிக்கலாம்.