மேலாளருக்கு அப்படியே அனுப்பக்கூடிய மெயில்

பாசிக்குடா ஹோட்டலில் வேலை செய்யும் தெரிந்த அண்ணா, "மெயில் போடுங்க, மேனேஜருக்கு அனுப்பிவிடுறன்" என்றால், சுகம் விசாரிப்பதை வாட்ஸ்அப்பில் முடித்துவிடுங்கள். மெயிலைப் புதிதாகவே தொடங்குங்கள். பழைய மெயிலுக்கு ரிப்ளை போட்டால், நீங்கள் இருவரும் பேசிய விலைக்கதையும் கீழே ஒட்டிக்கொண்டு மேலாளரிடம் போய்விடும்.

தலைப்பு: "மருதமுனைக் கைத்தறி மேசைவிரிப்பு 60 - மாதிரி காட்ட நேரம்". உள்ளே இவ்வளவு போதும்:

"வணக்கம். நாங்கள் மருதமுனையில் கைத்தறி நெய்கிறோம். உங்கள் உணவகத்துக்கு 60 விரிப்புகளை 5 வாரத்தில் தரலாம். நவம்பர் 12 காலை 10 மணிக்கு 3 மாதிரிகளுடன் வரலாமா?"

"நாளைக்கு" என்று எழுதவேண்டாம். அண்ணா இரண்டு நாள் பிந்தி அனுப்பினால் நாள் பிழையாகிவிடும். மேலாளரின் பதிலும் அண்ணாவுக்கே போகும் என்பதால், உங்கள் பெயர், தொலைபேசி எண், மெயில் முகவரி மூன்றையும் கட்டாயம் அடியில் போடுங்கள்.