பூ வாங்கும்போது கிலோ விலை மட்டும் பார்த்தால் எங்கே இடிக்கும்?

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் காலையில் முதலில் காதில் விழும் விலையை வைத்தே பலர் அன்றைய லாபத்தைக் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். மல்லிகை கட்டி விற்பவர்கள் செய்யும் பெரிய தவறு இதுதான். நாம் வாங்குவது கிலோவில், விற்பது முழத்தில். நடுவில் எவ்வளவு பூ காணாமல் போகிறது என்பதைப் பார்ப்பதே இல்லை.

ஒரு கணக்கு சொல்கிறேன். மல்லி கிலோ 800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நல்ல முற்றிய மொட்டு நூறை நிறுத்தால் என் தராசில் ஏறக்குறைய 25 கிராம் வரும், அப்படியானால் கிலோவுக்கு 4000 மொட்டு. முழத்துக்கு நூறு மொட்டு வைத்துக் கட்டினால் 40 முழம், முழம் 30 ரூபாய் என்றால் 1200, கையில் 400 நிற்கும் என்று மனசு சொல்லும். ஆனால் அந்தப் பூவில் தண்ணீர் தெளித்திருந்தார்கள், துணியில் கொட்டி உலர்த்தியதும் 100 கிராம் போய்விட்டது. காம்பு ஒடிந்தது, பழுத்தது, பச்சைப் பிஞ்சு என்று இன்னொரு 50 கிராம் கழிந்தது. மிச்சம் 850 கிராம், அதாவது 34 முழம், 1020 ரூபாய். 400 என்று நினைத்த இடத்தில் 220தான், அதிலேயே நார், பஸ், மூன்று நான்கு மணி நேர உழைப்பு எல்லாம் அடக்கம். அப்புறம் கை தாராளமாகி முழத்துக்கு 120 மொட்டு போட்டுவிட்டால் 28 முழம்தான் தேறும். 840 ரூபாய் வரும், 40 ரூபாய்க்கு நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்ததாக ஆகிவிடும்.

அதனால் ஒரே ஒரு தடவையாவது நூறு கிராம் பூவை நீங்களே நிறுத்து, கட்டி, எத்தனை முழம் வருகிறது என்று எழுதி வையுங்கள். முழம் அவரவர் கைக்கு மாறும், ஆகவே உங்கள் கைக்கான கணக்கு உங்களிடம்தான் இருக்க வேண்டும்.

ஈரப்பூவை எடைக்கு வாங்குவது நஷ்டம் என்பது ஒரு பக்கம். அதை அப்படியே கட்டினால் சரத்தின் உள்பக்கம் காற்று போகாமல் மதியத்துக்குள் பழுப்பேறிவிடும். கையில் அள்ளிப் பாருங்கள், உள்ளங்கை நனைந்தால் எடையில் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள், கேட்பதில் வெட்கம் வேண்டாம். பழைய பூவும் கண்ணுக்குத் தெரியும்: மொட்டின் அடிக்குழாயில் இளஞ்சிவப்போ பழுப்போ ஏறியிருக்கும், காம்பு துவண்டு வளையும். விடியற்காலையில் பறித்த மொட்டு வெள்ளையாக, இறுக மூடி, காம்பு பச்சையாக இருக்கும், சாயங்காலம் தானாக விரியும். முற்றாத பச்சை மொட்டு மட்டும் கடைசி வரை விரியாது, விலை குறைவு என்று அதை எடுக்காதீர்கள்.

கட்டும்போது காய்ந்த நாரை எடுத்தால் இடையிலேயே அறுந்துவிடும். வாழைநாரை நனைத்துப் பிழிந்து மெல்லியதாகக் கிழித்துக்கொள்ளுங்கள். முடிச்சு பூக்குழாயின் நடுவில் விழக் கூடாது, காம்போடு சேரும் பச்சைக் கழுத்தில் விழ வேண்டும். ரொம்ப இறுக்கினால் காம்பு வெட்டுப்படும், தளர்த்தினால் கூந்தலில் வைத்ததும் உதிரும். கட்டிய சரத்தை பாலித்தீன் பையில் இறுக மூடி வைப்பதும் தவறு, உள்ளே சூடேறிப் புழுங்கிவிடும். வாழை இலை, இல்லையென்றால் பிழிந்த ஈரத்துணி போதும்.

இனி கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் விலை பேசுவது. பங்குனி, சித்திரையில் செடி நிறையப் பூக்கும்போது மல்லி சில நூறு ரூபாய்க்கு இறங்கும், சமயத்தில் மிச்சத்தை செண்ட் கம்பெனிக்குப் போடும் நிலையும் வரும். மார்கழி, தையில் பனியால் பூ குறைந்து அதே கிலோ ஆயிரங்களில் ஏறும். சித்திரை விலையைப் பார்த்துவிட்டு ஒரு கோயிலுக்கு வருஷம் முழுக்க ஒரே தொகை என்று நான் ஒருமுறை ஒப்புக்கொண்டேன், தை மாதம் முழுக்கக் கைக்காசு போட்டுக் கட்டினேன். இப்போது அன்றைய மார்க்கெட் விலையும் முழத்துக்கு இவ்வளவு கட்டுக்கூலியும் என்று இரண்டையும் தனியாகப் பேசிவிடுகிறேன். மாதத் தொகைதான் வேண்டும் என்று அவர்கள் பிடிவாதமாக இருந்தால், தினமும் மல்லியே என்று இல்லாமல், விலை ஏறும் நாளில் சம்பங்கியோ அரளியோ கலந்துகொள்ளலாம் என்று முன்கூட்டியே சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

முகூர்த்தத்துக்கு விலை ஏறுவது பெரும்பாலும் முந்தின நாளே, ஏனென்றால் பூவை எல்லோரும் அன்றுதான் வாங்கிக் கட்டுகிறார்கள். அட்வான்ஸ் வாங்கும்போது காலண்டரில் முகூர்த்த நாளைப் பார்த்துவிட்டுத் தொகை சொல்லுங்கள். மற்ற நாளில் முதல் கடையிலேயே எடுத்துவிடாமல் இரண்டு மூன்று கமிஷன் கடைகளில் விலை கேட்டு, வண்டிகள் இன்னும் வந்துகொண்டிருக்கிறதா என்று பாருங்கள். வரத்து கூடினால் அரை மணி நேரத்தில் விலை இறங்கும், வரத்து நின்றுவிட்டால் காத்திருக்காமல் எடுத்துவிட வேண்டும்.