நெத்திலி விலைப் பட்டியலை வைத்துத் தேவை நெகிழ்ச்சியைக் கணக்கிடுவது

பிளஸ் ஒன் பொருளியலில் தேவை நெகிழ்ச்சிப் பாடத்துக்கு நான் கொடுக்கும் குறிப்புத்தாளில் ஒரு சின்ன அட்டவணை இருக்கும். கடலூர் முதுநகரில் ஒரு மீன்கடை, விற்பது நெத்திலி. எண்கள் பாடத்துக்காகப் போட்டவைதான். மார்க்கெட் நிலவரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

| வரிசை | கிலோ விலை (ரூ.) | ஒரு நாள் விற்பனை (கிலோ) |
|---|---|---|
| அ | 160 | 70 |
| ஆ | 200 | 60 |
| இ | 240 | 50 |
| ஈ | 280 | 40 |

முதல் படி: சதவீதத்துக்கு மாற்றுங்கள்

ஒவ்வொரு முறையும் விலை 40 ரூபாய் ஏறுகிறது, விற்பனை 10 கிலோ குறைகிறது. அதனால் நெகிழ்ச்சியும் எல்லா இடத்திலும் ஒன்றுதான் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். ஆனால் நெகிழ்ச்சி கேட்பது எத்தனை கிலோ குறைந்தது என்பதை அல்ல, எத்தனை சதவீதம் குறைந்தது என்பதை. 70 கிலோவில் 10 குறைவது வேறு, 50 கிலோவில் 10 குறைவது வேறு.

```
நெகிழ்ச்சி = விற்பனை மாறிய சதவீதம் ÷ விலை மாறிய சதவீதம்
```

விலை ஏறினால் விற்பனை இறங்கும், ஆகவே விடை மைனஸில்தான் வரும். வழக்கமாக அந்த மைனஸை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பேசுவோம். 1-க்கு மேலே போனால் நெகிழ்ச்சி மிக்க தேவை, கீழே நின்றால் நெகிழ்ச்சி குறைந்த தேவை.

இரண்டாம் படி: நடு வரிசையை இரண்டு பக்கமும் போட்டுப் பாருங்கள்

ஆ-விலிருந்து இ-க்குப் போவோம். விலை 200-லிருந்து 240, அதாவது 20 சதவீத ஏற்றம். விற்பனை 60-லிருந்து 50, அது 16.7 சதவீத இறக்கம். வகுத்தால் 0.83. நெகிழ்ச்சி குறைவு.

சரி, இப்போது இ-யிலிருந்து ஆ-வுக்குத் திரும்பி வாருங்கள். 240-லிருந்து 200 என்பது 16.7 சதவீத இறக்கம். 50-லிருந்து 60 என்பது 20 சதவீத ஏற்றம். வகுத்தால் 1.2. நெகிழ்ச்சி அதிகம்!

அதே கடை, அதே மீன், அதே இரண்டு வரிசை. கணக்கில் எங்கும் பிழை இல்லை. சதவீதம் போடும்போது அடியில் வைக்கும் எண் மாறியதுதான் காரணம்: ஏறும்போது 200-ஐயும் 60-ஐயும் வைத்து வகுத்தோம், இறங்கும்போது 240-ஐயும் 50-ஐயும் வைத்து வகுத்தோம்.

மூன்றாம் படி: சராசரியை அடியில் வையுங்கள்

இந்தச் சிக்கலுக்குத்தான் நடுப்புள்ளி முறை. இரண்டு விலைகளின் சராசரி 220, இரண்டு விற்பனைகளின் சராசரி 55.

```
விற்பனை: 10 ÷ 55 = 18.2%
விலை:    40 ÷ 220 = 18.2%
நெகிழ்ச்சி = 1
```

எந்தப் பக்கம் போனாலும் இதே விடைதான். இதே முறையில் அ-ஆ இடையே 0.69, இ-ஈ இடையே 1.44 வரும். விலை மேலே போகப் போக நெகிழ்ச்சி கூடுவதைக் கவனியுங்கள். வரைபடத்தில் இந்த நான்கு புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில்தான் விழும். சாய்வு மாறவே இல்லை, நெகிழ்ச்சி மட்டும் மாறுகிறது.

நான்காம் படி: கல்லாவைப் பார்த்துச் சரிபாருங்கள்

விலையை விற்பனையால் பெருக்கினால் கடைக்கு வந்த மொத்தப் பணம்: 11,200, 12,000, 12,000, 11,200. புத்தகத்தில் மொத்தச் செலவு முறை என்று வருவது இதுதான், வாங்குகிறவர் பக்கமிருந்து பார்ப்பதால் செலவு. விலை ஏறி வருவாயும் ஏறினால் நெகிழ்ச்சி 1-க்குக் கீழே. வருவாய் இறங்கினால் 1-க்கு மேலே. அசையாமல் நின்றால் 1. நம் விடைகளோடு அப்படியே பொருந்துகிறது. பரீட்சையில் நேரம் குறைவாக இருந்தால் நான் முதலில் போடச் சொல்வது இந்தப் பெருக்கலைத்தான்.

நிஜ விலையை எழுதி வந்து கணக்குப் போடுகிறவர்களுக்கு

மாணவர்கள் சிலர் ஆர்வத்தில் மீன் மார்க்கெட்டுக்கே போய் எழுதி வருவார்கள். நல்லதுதான், ஆனால் எந்த மாதம் என்று பார்க்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, வரத்து குறைந்து விலை ஏறும். வாங்குகிறவர்களின் விருப்பமும் வருமானமும் பெரிதாக மாறாதிருந்தால், தடைக்கு முன்னும் பின்னும் எடுத்த எண்கள் நெகிழ்ச்சிக்கு ஓரளவு பயன்படும்.

புரட்டாசியில் கதை வேறு. பல வீடுகளில் அசைவமே கிடையாது. கேட்க ஆள் இல்லாமல் விலையும் இறங்கும், விற்பனையும் இறங்கும். ஆவணி எண்ணையும் புரட்டாசி எண்ணையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் விடை பிளஸில் வந்து நிற்கும். அப்போது மாறியது தேவைக் கோடே. கோட்டின் மேல் நாம் நகரவில்லை. மைனஸ் வராத விடையைக் கண்டால், அந்த இரண்டு வரிசைகளையும் நெகிழ்ச்சிக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.