மீட்டரில் 64 டிகிரி, அலுமினியக் கட்டியில் 86 டிகிரி: மந்தமான சென்சார் செய்யும் வேலை

கடலூர், புதுச்சேரிப் பக்கம் கட்டுப்பாட்டுப் பொறியியல் படிக்கும் மாணவர்கள் ஆய்வகத்தில் முதலில் செய்வது பெரும்பாலும் வெப்பநிலைக் கட்டுப்பாடுதான். பாடத்தில் சென்சாரை '1' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அதாவது அது வெப்பநிலையை உடனுக்குடன் அப்படியே காட்டும் என்று கொள்கிறோம். எஃகு உறைக்குள் இருக்கும் பி.டி.100 என்னும் வெப்பநிலைச் சென்சார் அப்படி நடந்துகொள்வதில்லை. அதன் மந்தம் என்ன செய்கிறது என்பதை ஒரு சிறிய அலுமினியக் கட்டியை வைத்துப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: எண்களைத் திரட்டுங்கள்

நம் கட்டியின் நேர மாறிலி 100 வினாடி என்று கொள்வோம். அதாவது ஹீட்டரை ஒரே அளவில் வைத்தால், மொத்த ஏற்றத்தில் 63 சதவீதத்தை எட்ட 100 வினாடி ஆகும். முழு மின்திறனில் நெடுநேரம் விட்டால் அது அறை வெப்பநிலையைவிட 360 டிகிரி மேலே போகும். அறை 30 டிகிரி. ஜன்னலை மூடிவையுங்கள், பிற்பகலில் கடற்காற்று உள்ளே வந்தால் கட்டி இழக்கும் வெப்பம் மாறும், இந்த எண்களும் மாறும்.

சென்சாரின் நேர மாறிலியையும் இதே வழியில் அளக்கலாம். 30 டிகிரியில் இருக்கும் சென்சாரை 80 டிகிரி வெந்நீரில் விட்டுக் கலக்குங்கள். அளவீடு 61.6 டிகிரியைத் தொடும் நேரமே நேர மாறிலி. ஆனால் அதே சென்சார் கட்டியின் துளைக்குள் தளர்வாக உட்கார்ந்தால், இடையில் இருக்கும் காற்று அதை இன்னும் மந்தமாக்கும். பொருத்திய நிலையில் 20 வினாடி என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டாம் படி: சுற்றை மூடுங்கள்

இலக்கு 70 டிகிரி, அதாவது 40 டிகிரி ஏற்றம். விகிதக் கட்டுப்பாடு மட்டும் போதும்: இலக்குக்கும் மீட்டருக்கும் உள்ள வித்தியாசத்தின் அளவுக்கே ஹீட்டரை எரிப்பது. மொத்தப் பெருக்கம் 9. எல்லா வெப்பநிலையையும் அறைக்கு மேலான ஏற்றமாகக் கொண்டு பைதானில் இப்படி எழுதலாம்:

```python
dt, r = 0.05, 40.0
y = m = top_y = top_m = 0.0
for i in range(8000):
    u = max(0.0, min(360.0, 9*(r - m)))
    y += dt*(u - y)/100   # கட்டி
    m += dt*(y - m)/20    # சென்சார்
    top_y = max(top_y, y)
    top_m = max(top_m, m)
print(30+top_y, 30+top_m, 30+y, 30+m)
```

சென்சார் உடனுக்குடன் காட்டினால் கட்டி எல்லை மீறாமல் ஏறி 66 டிகிரியில் நிற்கும். 20 வினாடி மந்தத்தோடு என்ன ஆகிறது? கட்டி ஏறத்தாழ 29 வினாடியில் 86 டிகிரியைத் தொட்டுவிடுகிறது. அந்தக் கணத்தில் மீட்டர் காட்டுவது 64 டிகிரிதான். கட்டுப்படுத்திக்குத் தெரிந்ததும் அந்த 64தான். ஆகவே ஹீட்டர் இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது. மீட்டரின் உச்சம் பிறகுதான் வருகிறது, அதுவும் 75 டிகிரி அளவிலேயே.

மீட்டரை வைத்து வரைபடம் வரைகிறவர், கடைசியில் நிற்கும் 66-ஐவிட எல்லை மீறல் 9 டிகிரி என்று குறிப்பார். கட்டியோ 20 டிகிரி மீறியிருக்கிறது. அளவீட்டிலிருந்து உண்மையை மீட்க வழி உண்டு: மீட்டர் ஏறும் வேகத்தை 20 வினாடியால் பெருக்கி, மீட்டர் எண்ணோடு கூட்டுங்கள். 64-ல் அது வினாடிக்குச் சுமார் 1.1 டிகிரி ஏறுகிறது. 22-ஐக் கூட்டினால் 86. இரைச்சல் மிகுந்த அளவீட்டில் வேகக் கணக்கு தாறுமாறாகும் என்பதால், சில வினாடி இடைவெளியில் எடுத்த அளவீடுகளைப் பயன்படுத்துங்கள்.

மூன்றாம் படி: நிலைத்த பிழையை எப்போது குறிப்பது?

எல்லாம் அடங்கியபின் கட்டியும் மீட்டரும் 66-ல் ஒன்றுபடும். இலக்குக்கு 4 டிகிரி குறைவு. அது 40-ஐ (1 + 9)-ஆல் வகுத்த எண். சென்சாரின் மந்தம் இதைத் தொடுவதில்லை, பெருக்கமே முடிவு செய்கிறது. ஆனால் அலை அடங்குமுன் ஓர் எண்ணை எழுதிக்கொண்டால் அது பிழையல்ல, அலையின் ஏதோ ஒரு புள்ளி. சில நிமிடம் மீட்டர் அசையாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

இலக்கே ஏறிக்கொண்டிருந்தால் கதை வேறு. கட்டி நிமிடத்துக்கு 6 டிகிரி சீராக ஏறும்போது மீட்டர் எப்போதும் 2 டிகிரி குறைவாகவே காட்டும். எவ்வளவு காத்திருந்தாலும் அது மறையாது. பிழையைத் தொடர்ந்து கூட்டித் திருத்தும் தொகையீட்டுக் கட்டுப்பாட்டைச் சேர்த்தாலும் மறையாது, ஏனென்றால் அது திருத்துவது மீட்டரின் பிழையைத்தான்.

நான்காம் படி: எதை மாற்றுவது?

பெருக்கத்தைக் குறைக்கலாம் என்றுதான் முதலில் தோன்றும். மீட்டரின் எல்லை மீறல் முற்றிலும் அடங்கப் பெருக்கத்தை 0.8-க்கு இறக்க வேண்டும்; அப்போது கட்டி 47.8 டிகிரியிலேயே நின்றுவிடும், 22 டிகிரி பிழையோடு. என் தேர்வு சென்சாரை மாற்றுவதே. துளையில் வெப்பப் பசை தடவி, மெல்லிய உறையுள்ள சென்சாரை இறுக்கமாகப் பொருத்தி, நேர மாறிலியை 2 வினாடிக்குக் கொண்டுவந்துவிட்டால், அதே பெருக்கம் 9-லேயே கட்டி எல்லை மீறாமல் 66-ஐ அடைகிறது. நிரலில் `20`-ஐ `2` ஆக்கி ஓட்டிப் பாருங்கள். `top_y`, `top_m` இரண்டும் 36-ஐத் தாண்டாது, அதாவது அறையின் 30-ஐக் கூட்டி அச்சாகும் எண்கள் 66-ஐத் தாண்டாது.